மாடியில் பாத்டப்: டைல்ஸுக்கு அடியில் இருப்பதுதான் முக்கியம்

மாடிக் குளியலறையைப் புதுப்பிக்கும்போது நடுவில் தனியாக நிற்கும் பாத்டப் ஒன்றை வைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: தளம் தாங்குமா? நியாயமான கேள்வி. ஒழுங்காகக் கட்டி, ஒழுங்காகப் பராமரித்த கான்கிரீட் தளம் பெரும்பாலும் தாங்கும். ஆனால் அதைக் கேட்டதோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்பதுதான் சிக்கல். டப்புக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே என்ன இருக்கிறது, அங்கே தண்ணீர் எந்த வழியாக வருகிறது, எந்த வழியாகப் போகிறது என்பதை யாரும் கேட்பதில்லை. பின்னாளில் கீழ் அறையின் கூரையில் ஈரம் பூப்பதும், டப்பைச் சுற்றி நாற்றம் வருவதும், குழாய் ஆடுவதும் அந்த நடுப்பகுதியில் செய்த தவறுகளால்தான்.

ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொண்ணூறுகளில் சென்னைப் புறநகரில் கட்டிய தனி வீடு. முதல் மாடியில் படுக்கையறையை ஒட்டி 8 அடிக்கு 6 அடியில் ஒரு குளியலறை. அதாவது 48 சதுர அடி, ஏறக்குறைய நாலரை சதுர மீட்டர். அங்கே ஐந்தடி நீளம், இரண்டரை அடி அகலமுள்ள ஓர் அக்ரிலிக் டப்பை வைக்கப் போகிறார்கள்.

வெறும் டப் 45 கிலோ வரும். விளிம்புக்குக் கீழே உள்ள ஓவர்ஃப்ளோ துளை வரைக்கும் நிரப்பினால் 220 லிட்டர் பிடிக்கும், அது 220 கிலோ. இதோடு குளிப்பவரின் எடையை முழுசாகக் கூட்டிப் பயந்துகொள்கிறவர்கள் உண்டு. அது தேவையில்லை. ஆள் உள்ளே இறங்கினால் உடம்பு அமிழ்ந்த அளவுக்குத் தண்ணீர் ஏறும், துளையைத் தொட்டதும் மிச்சம் வெளியே போய்விடும். ஆகவே தண்ணீரும் ஆளும் சேர்ந்த எடை, டப்பின் கொள்ளளவோடு தண்ணீருக்கு மேலே இருக்கும் தலையும் தோளும் சேர்ந்தது, அவ்வளவுதான். எல்லாம் சேர்த்துத் தாராளமாக 300 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். கல்லைப் போன்ற தோற்றத்தில் வரும் ஸ்டோன் ரெசின் டப் என்றால் வெறும் எடையே 100 முதல் 150 கிலோ. வார்ப்பிரும்பும் அந்த அளவுக்கு வரும், சில மாடல்கள் அதையும் தாண்டும். அவற்றில் மொத்தம் 400 கிலோவைத் தொடும்.

வீடுகளின் குளியலறைத் தளத்தை எவ்வளவு சுமைக்குக் கணக்குப் போட வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்லியிருக்கிறது. ஐ.எஸ். 875, இரண்டாம் பாகம், 1987. அதன்படி சதுர மீட்டருக்கு 200 கிலோ. நம் அறை முழுமைக்கும் சேர்த்து ஏறக்குறைய 900 கிலோ ஆகிறது. டப் 300 கிலோ. மொத்தமாகப் பார்த்தால் இடம் இருக்கிறது. டப் நிற்கும் இடத்தை மட்டும் பார்த்தால் சதுர மீட்டருக்கு 270 கிலோவுக்குப் பக்கம் வருகிறது. அதாவது அந்த இடத்தில் அளவைத் தாண்டுகிறது. ஆனாலும் கான்கிரீட் தளம் அந்த ஓர் இடத்தோடு நின்றுகொள்வதில்லை. உள்ளே இருக்கும் கம்பிகள் சுமையைச் சுற்றிலும் பகிர்ந்து நான்கு பக்கத்து பீம்களுக்கோ சுவர்களுக்கோ கொண்டுபோகின்றன. குளியலறைத் தளத்துக்கு இன்னொரு சாதகமும் உண்டு. தளத்தைத் தாழ்த்திப் போடுவதால் பெரும்பாலும் நாலு பக்கமும் பீமோ சுவரோ கொடுத்திருப்பார்கள், குறுக்களவும் ஆறடிதான். ஆறடியைத் தாண்டும் தளம் பன்னிரண்டடியைத் தாண்டும் தளத்தைவிட எவ்வளவோ விறைப்பாக இருக்கும். அதனால்தான் குளியலறைச் சுவரை இடித்துவிட்டு, டப்பைப் படுக்கையறை நடுவில் ஜன்னலோரமாக வைக்கும் இப்போதைய மோகம் எனக்குப் பிடிப்பதில்லை. அங்கே அதே நாலரை அங்குலத் தளம் இரண்டு மடங்கு தூரத்தைத் தாண்டி நிற்கிறது. கட்டமைப்புப் பொறியாளர் வரைபடத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் அதைச் செய்யவே கூடாது.

குளியலறைக்குள்ளேயும் எங்கே வைப்பது என்பதில் தெரிவு உண்டு. நடுவில் வைப்பதைவிட, பீமோ கீழ்த்தளத்துச் சுவரோ ஓடும் பக்கத்தை ஒட்டி நீளவாக்கில் வைப்பது நல்லது. கீழ் அறைக்குப் போய் அண்ணாந்து பார்த்தாலே பீம் எங்கே ஓடுகிறது என்று தெரிந்துவிடும்.

அப்படி அண்ணாந்து பார்க்கும்போதே கூரையின் நிலைமையையும் பார்த்துவிட வேண்டும். பழுப்பு நிறத்தில் கோடு கோடாகத் துருக்கறை தெரிகிறதா, பூச்சு பொருமி விழுந்திருக்கிறதா, கம்பி ஓடும் வரிசையிலேயே விரிசல் போகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் கம்பி துருப்பிடித்து ஊதத் தொடங்கிவிட்டது என்று பொருள். முதலில் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் டப்பைப் பற்றிப் பேச வேண்டும். டப் வைக்கவே கூடாத இரண்டு இடங்களும் உண்டு. ஒன்று, மெட்ராஸ் டெரஸ். மரச்சட்டங்களின் மேல் சிறு செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரையில் போட்ட பழைய தளம் அது. சட்டத்தின் முனை சுவருக்குள் எவ்வளவு உளுத்திருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. இன்னொன்று, பால்கனியை அடைத்துக் குளியலறையாக மாற்றிய இடம். சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தளத்தில், கனம் நுனிக்குப் போகப் போகச் சுவரோரத்தில் இழுப்பு கூடும். அங்கே ஏற்கெனவே அடைப்புச் சுவரின் எடையும் ஏறியிருக்கும்.

இரண்டு டன் எங்கே இருக்கிறது?

இந்த வீட்டில் பெரிய சுமை டப் அல்ல. அது பல வருடங்களாகத் தரைக்கு அடியிலேயே படுத்திருக்கிறது.

நம் ஊர்க் குளியலறைகளில் தளத்தை எட்டு முதல் பன்னிரண்டு அங்குலம் தாழ்த்திப் போட்டு, குழாய்களை அந்தப் பள்ளத்தில் ஓடவிட்டு, மேலே நிரப்பி டைல்ஸ் ஒட்டுவது வழக்கம். இதைத்தான் சங்கன் ஸ்லாப் என்கிறார்கள். தொண்ணூறுகளில் இந்தப் பள்ளத்தை நிரப்பியது செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சிமெண்டும். கட்டட வேலையில் உடைந்த செங்கல், மிஞ்சிய கலவை எல்லாமே அதற்குள் போயிருக்கும். கன மீட்டருக்கு 1,600 முதல் 1,800 கிலோ வரை வரக்கூடிய சரக்கு. நம் அறையில் பள்ளம் பத்து அங்குலம், அதில் எட்டு அங்குலம் நிரப்பு என்றால், அந்த நிரப்பு மட்டும் ஒன்றரை டன். மேலே உள்ள கலவையும் டைல்ஸும் இன்னொரு அரை டன். வருடக்கணக்காகக் கசிந்த தண்ணீரைச் செங்கல் ஜல்லி குடித்திருந்தால் எடை இன்னும் கூடும்.

டப் 300 கிலோ. நிரப்பு 1,500 கிலோ. எதைக் குறைப்பது சுலபம்?

பழைய நிரப்பை முழுசாக எடுத்துவிட்டு அதே இடத்தில் ஏ.ஏ.சி. பிளாக்கைப் படுக்க வைத்து அடுக்கினால், கன மீட்டருக்கு 600 கிலோதான் வரும். எட்டு அங்குல நிரப்பு 550 கிலோவுக்குள் அடங்கிவிடும். ஏறக்குறைய ஒரு டன் தளத்தின் மேலிருந்து இறங்குகிறது. அதாவது டப் முழுக்கத் தண்ணீரோடு நிற்கும் நாளிலும் அந்தத் தளம் பழைய நாளைவிடக் குறைந்த சுமையைத்தான் சுமக்கும். மாடியில் டப் வைக்க விரும்புகிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். பழைய டைல்ஸின் மேலேயே புது டைல்ஸ் ஒட்டி, அதன்மேல் டப்பை வைப்பது மலிவாகத் தெரியும். ஆனால் பழைய நிரப்பும் பழைய குழாயும் பழைய கசிவும் அப்படியே உள்ளே இருக்க, மேலே எடையை மட்டும் ஏற்றிய கதையாகும் அது.

நிரப்பை எடுப்பதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. நிறைய வீடுகளில் இதைக் கவனிப்பதில்லை. உடைத்த சரக்கைப் பக்கத்துப் படுக்கையறையில் ஒரு மூலையில் குவித்துவைப்பார்கள், வண்டி வந்ததும் ஒரேயடியாக இறக்கலாம் என்று. குவிவது இரண்டு டன். படுக்கையறைத் தளத்தின் கணக்கும் சதுர மீட்டருக்கு அதே 200 கிலோதான். நாற்பது கிலோ மூட்டையாகக் கட்டினால் ஐம்பது மூட்டை வரும், அன்றன்றைக்கு உடைப்பதை அன்றன்றைக்கே கீழே இறக்கிவிட வேண்டும். உடைப்பதும் உளி, சுத்தியல் கொண்டுதான். பெரிய பிரேக்கர் மெஷினைச் சங்கன் தளம் வரை இறக்கினால், கம்பியை மூடியிருக்கும் கொஞ்ச நஞ்சக் கான்கிரீட்டும் பெயர்ந்துவிடும்.

பள்ளம் காலியானதும் தளம் வெறுமையாகக் கண்ணுக்குத் தெரிகிற அந்த இரண்டு மூன்று நாட்கள்தான் இந்த வேலையின் உயிர்நாடி. மூலைகளை வளைவாகப் பூசி, வாட்டர் புரூஃபிங் கோட்டிங்கை இரண்டு முறை அடித்து, சுவரில் முடிந்த தரைக்கு மேலே ஓரடி வரை ஏற்றி, குழாய் சுவரைத் துளைத்துப் போகும் இடங்களை அடைத்து, பிறகு பள்ளத்தில் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விட வேண்டும். தண்ணீர் மட்டத்தைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோடு இறங்குகிறதா என்று மேலேயும், கூரையில் ஈரம் தெரிகிறதா என்று கீழேயும் பார்க்க வேண்டும். அனுபவமுள்ள மேஸ்திரிகள் பள்ளத்தின் தாழ்வான மூலையிலிருந்து முக்கால் அங்குலக் குழாய் ஒன்றை வெளிச்சுவர் வழியாக வெளியே விடுவார்கள். என்றைக்காவது உள்ளே கசிந்தால் கூரையை நனைக்காமல் அது வழியாகச் சொட்டும். வெளியே நின்று பார்த்தாலே கசிவு தெரிந்துவிடும். செலவு சில நூறு ரூபாய். இதைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். ஏ.ஏ.சி. பிளாக் தண்ணீரைக் குடிக்கும் இயல்புடையது என்பதால் இந்த ஏற்பாடு இன்னும் அவசியம்.

பிளாக்குகளை முழுசு முழுசாகப் படுக்க வைத்து, இடுக்குகளைக் கலவையால் நிரப்ப வேண்டும். உடைசலைக் கொட்டி மட்டம் பார்ப்பது டப்புக்குக் கீழே உதவாது, நாளாவட்டத்தில் இறங்கிவிடும். மேலே கம்பி வலை விரித்த இரண்டு அங்குலம் கான்கிரீட், அதன்மேல் டைல்ஸ். சிங்கப் பாதம் போல நான்கு கால் வைத்த டப் என்றால் கவனம் கூடுதலாகத் தேவை. 400 கிலோவும் நான்கு காலில் இறங்கும், காலுக்கு நூறு கிலோ, அதுவும் உள்ளங்கை அளவுகூட இல்லாத இடத்தில். டைல்ஸுக்கு அடியில் கலவை முழுசாகப் பிடிக்காத பொந்து இருந்தால் விரிசல் அங்கேதான் விழும். ஒட்டிய மறுநாள் ஒரு நாணயத்தால் ஒவ்வொரு டைல்ஸையும் நாலு மூலையிலும் நடுவிலும் தட்டிப் பாருங்கள். கெட்டியாகப் பிடித்த இடம் ‘டக்’ என்று ஒலிக்கும், பொந்துள்ள இடம் ‘டொக்’ என்று எதிரொலிக்கும். கால் வரப்போகும் இடத்தில் ‘டொக்’ கேட்டால் அந்த டைல்ஸைப் பெயர்த்து மறுபடியும் ஒட்டச் சொல்லத் தயங்க வேண்டாம்.

டப் வராமல் குழாய் போடாதீர்கள்

நல்ல ப்ளம்பர் கேட்கும் முதல் கேள்வி, “டப் வந்துடுச்சாங்க மேடம்?” என்பதுதான். “இன்னும் இல்ல, படம் இருக்கு” என்றால், “படத்த வச்சு நான் லைன் போட மாட்டேங்க, டப்ப இறக்கிட்டுக் கூப்பிடுங்க” என்பார். அவர் சொல்வதே சரி. சுவரோடு ஒட்டிப் பதிக்கும் டப்பில் கழிவுத் துளை இரண்டு அங்குலம் தள்ளியிருந்தால் உள்ளே வளைத்துச் சரிக்கட்டலாம். தனித்து நிற்கும் டப்பில் அந்த வசதி இல்லை. அதன் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் நடுவே பெரும்பாலும் நாலைந்து அங்குல இடைவெளிதான் இருக்கும். கழிவுத் துளை சில மாடல்களில் நடுவில், சிலவற்றில் ஒரு ஓரத்தில். அட்டவணைப் படத்தில் உள்ள அளவுக்கும் கைக்கு வந்த டப்புக்கும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் வருவது சாதாரணம். ஆகவே டப் வீட்டுக்கு வந்து, மாடிப்படித் திருப்பத்தையும் குளியலறைக் கதவையும் தாண்டி உள்ளே நுழையும் என்று பார்த்த பிறகே தரையில் அதன் நிழல்கோட்டை வரைய வேண்டும். இரண்டரை அடிக் கதவில் படலும் கைப்பிடியும் போக மிஞ்சுவது எழுபது சென்டிமீட்டர்தான், டப்பைப் பக்கவாட்டில் சாய்த்துத்தான் நுழைக்க முடியும்.

நிழல்கோட்டுக்குள் கழிவுத் துளையின் நடுவைக் குறித்து, அதற்கு நேர் கீழே தரை மட்டத்தில் ஒரு நானி டிராப் வைப்பது நம் ஊர் முறைக்கு நன்றாகப் பொருந்தும். டப்பின் கழிவு வாயிலிருந்து வரும் வளைகுழாய் அந்த டிராப்புக்குள் இறங்கும். இந்த ஏற்பாட்டின் பலம், இணைப்பில் எப்போதாவது சொட்டினாலும் அது அதே டிராப்புக்குள்தான் விழும். பலவீனம் நாற்றம். வளைகுழாய்க்கும் டிராப்பின் வாய்க்கும் நடுவே உள்ள இடைவெளியை ரப்பர் காலரால் இறுக்கமாக மூட வேண்டும். டிராப்பில் நிற்கும் இரண்டு அங்குலத் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றைத் தடுக்கிறது. டப்பைப் பயன்படுத்தாமல் சில வாரங்கள் விட்டால், அதிலும் சித்திரை வைகாசி வெயிலில், அந்தத் தண்ணீர் வற்றிவிடும். கரப்பான் வரும், வாடை வரும். குளிக்காவிட்டாலும் வாரம் ஒரு முறை ஒரு குவளைத் தண்ணீரை டப்பில் ஊற்றிவிட்டால் போதும்.

டிராப்பிலிருந்து வெளிச்சுவர் வரை குழாய்க்கு மீட்டருக்கு 25 மில்லிமீட்டர் வாட்டம் கொடுக்க வேண்டும். நம் வீட்டில் அந்தத் தூரம் ஒன்றேகால் மீட்டர், மூன்று சென்டிமீட்டர் வாட்டம் போதும். டிராப்பின் உடலுக்கு ஐந்தாறு அங்குலம் போக, எட்டு அங்குலத்துக்குள் எல்லாம் அடங்கிவிடும். டப்பை அறையின் மறுகோடியில் வைக்க ஆசைப்பட்டால் தூரம் கூடும், வாட்டம் கூடும், பள்ளத்தின் ஆழம் போதாமல் போகும். டப் எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் கழிவுக்குழாய்தான் தீர்மானிக்கிறது. ஜன்னலும் வெளிச்சமும் அதற்குப் பிறகுதான்.

சங்கன் இல்லாத சாதாரணத் தளத்தில் புதிதாகக் குளியலறை அமைக்கிறவர்களுக்கு இரண்டே வழி. தரையை எட்டு அங்குலம் மேடையாக உயர்த்தலாம், அது தளத்துக்குப் புதுச் சுமை, வயதானவர்களுக்கு ஈரமான படி. அல்லது தளத்தைத் துளைத்துக் குழாயைக் கீழ் அறையின் கூரையோடு ஓட்டி ஃபால்ஸ் சீலிங்கால் மறைக்கலாம். துளைப்பதானால் கோர் கட்டிங் மெஷினால், பீமைத் தொடாமல், கம்பி எங்கே ஓடுகிறது என்று கருவியால் பார்த்த பிறகு. அடுக்குமாடியில் கீழ் வீடு வேறொருவருடையது என்றால் இந்த இரண்டாவது வழிக்கு அவருடைய சம்மதம் வேண்டும்.

குழாய் அளவிலும் ஒரு பொறி இருக்கிறது. டப்பின் அடைப்பைத் திறந்தால் 200 லிட்டர் தண்ணீர் ஐந்தாறு நிமிடத்தில் ஒரே மூச்சில் இறங்கும். ஷவரிலிருந்து வருவது இதில் கால் பங்குகூட இருக்காது. டப்பின் கழிவையும் ஷவர் பகுதியின் டிராப்பையும் ஒரே இரண்டு அங்குலக் குழாயில் சேர்த்துவிட்டால், இறங்கும் தண்ணீர் வெளியே போக வழி போதாமல் ஷவர் ஜல்லடை வழியாகப் பொங்கி அறைக்குள்ளேயே வரும். டப்புக்குத் தனிக் குழாய் கொடுத்துவிடுவது உத்தமம். சேர்த்தே தீர வேண்டும் என்றால் சேரும் இடத்திலிருந்து மூன்று அங்குலக் குழாய். தண்ணீர் இறங்கும்போது வாஷ்பேசினில் ‘களக் களக்’ என்று சத்தம் கேட்டால், வெளியே செங்குத்தாக இறங்கும் குழாய்க்குக் காற்றுப்போக்கி இல்லை, அல்லது அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அறியலாம். அப்படி இழுக்கும்போது பேசின் டிராப்பின் தண்ணீரும் உறிஞ்சப்பட்டுப் போகும், அப்புறம் வாடைதான்.

எந்தக் குழாய்?

கடையில் பார்க்கும்போது மனதைப் பறிப்பது தரையிலிருந்து மூன்றடி உயரம் எழுந்து நிற்கும் குழாய்தான். டப்பின் பக்கத்தில் கம்பீரமாகத் தெரியும். மாடிக் குளியலறைக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை, அதற்கு இரண்டு காரணங்கள்.

முதல் காரணம் அதன் கால். மூன்றடி உயரத்தில் கைப்பிடியைப் பிடித்து எழுந்திருப்பவரின் இழுப்பு முழுவதும் அடியில் உள்ள சிறு தகட்டில்தான் இறங்கும். அந்தத் தகடு சங்கன் நிரப்பில் நின்றால் கொஞ்ச காலத்தில் ஆடத் தொடங்கும். ஆடினால் தரைக்குள் இருக்கும் இணைப்பு தளர்ந்து கசியும், அது கண்ணுக்குத் தெரியாத கசிவு. சரி, நீளமான போல்ட் போட்டுக் கான்கிரீட் தளத்திலேயே முடுக்கிவிடலாமே என்று சிலர் செய்துவிடுகிறார்கள். இதுதான் இருப்பதிலேயே மோசமானது. இரண்டு நாள் தண்ணீர் கட்டிச் சோதித்த வாட்டர் புரூஃபிங்கில் நாலு ஓட்டை போட்டாகிறது. அந்தக் குழாய்தான் வேண்டும் என்பவர்கள், வாட்டர் புரூஃபிங்குக்கு மேலே ஓரடிக்கு ஓரடி கான்கிரீட் கட்டை ஒன்றை நிரப்பின் உயரத்துக்கு வார்த்து, போல்ட் அந்தக் கட்டைக்குள்ளேயே முடியும்படி செய்ய வேண்டும். குழாயின் இடத்தையும் டப்பை வைத்துப் பார்த்த பிறகே குறிக்க வேண்டும், கட்டை வார்த்த பிறகு நகர்த்த முடியாது.

இரண்டாவது காரணம் தண்ணீரின் அழுத்தம். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் 0.1 பார் அழுத்தம் கிடைக்கும். தரைத்தளத்துக்கு ஆறேழு மீட்டர் கிடைக்கும். மேல்மாடிக்கு? தொட்டி மூன்றடி மேடையில் நிற்கிறது, அறை உயரம் பத்தடி, குழாயின் வாய் தரையிலிருந்து மூன்றடியில் இருக்கிறது. கழித்துப் பார்த்தால் மூன்று, மூன்றரை மீட்டர் மிஞ்சும், அதாவது 0.35 பார்கூட இருக்காது. அழகான மிக்ஸர்கள் பலவற்றின் கையேட்டில் ஒரு பார் அல்லது அதற்கு மேல் வேண்டும் என்று போட்டிருப்பார்கள். மெல்லிய வளைகுழாய்களும் சிறிய கார்ட்ரிட்ஜும் உள்ள தரைக் குழாய் அந்த அழுத்தத்தில் நூல் போலத்தான் ஒழுகும். டப் நிரம்பி முடிப்பதற்குள் முதலில் விட்ட வெந்நீர் ஆறிப்போகும்.

வாங்குவதற்கு முன்னால் இருக்கிற குழாயை முழுசாகத் திறந்து 15 லிட்டர் வாளியை நிரப்பிப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் நிரம்பினால், டப்புக்குத் தேவையான 150 லிட்டர் பத்து நிமிடத்தில் வந்துவிடும். மூன்று நிமிடம் எடுத்தால் டப்புக்கு அரை மணி நேரம். அப்போது பிரஷர் பம்ப் வேண்டும், அல்லது தொட்டியிலிருந்து குளியலறை வரை ஓர் அங்குலக் குழாயும் அகலமான வழியுள்ள குழாயும் வேண்டும். பம்ப் வைத்தால் தண்ணீர்க் குழாய், கீசர் இரண்டுக்கும் சேர்த்து வைக்க வேண்டும். தண்ணீர்ப் பக்கத்துக்கு மட்டும் வைத்தால் அதன் அழுத்தம் வெந்நீரைப் பின்னுக்குத் தள்ளிவிடும். மிக்ஸரில் எவ்வளவு திருப்பினாலும் தண்ணீர்தான் வரும்.

சுவரில் பதிக்கும் அகலமான ஸ்பவுட்டும், வெந்நீருக்கும் தண்ணீருக்கும் தனித்தனிக் கைப்பிடியும் உள்ள அமைப்புதான் குறைந்த அழுத்தத்துக்கு ஏற்றது. கெட்டுப்போனாலும் சுவரிலிருந்து கழற்றிப் பார்க்கலாம். இதில் எல்லோரும் தவறவிடுவது நீளத்தை. டப்பைச் சுற்றித் துடைக்கக் கை நுழைய வேண்டுமானால் சுவரிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். விளிம்பின் தடிமன் 4, விளிம்பைத் தாண்டி உள்ளே விழ இன்னொரு 5. ஆக ஸ்பவுட் சுவரிலிருந்து 24 சென்டிமீட்டர் நீண்டிருக்க வேண்டும். கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 16 முதல் 20. அதை வாங்கி மாட்டினால் தண்ணீர் விளிம்பில் விழுந்து வெளியே தெறிக்கும், அல்லது டப்பைச் சுவரோடு நெருக்க வேண்டிவரும். பிறகு அந்த இடுக்கில் அழுக்கும் கருப்புப் பூஞ்சையும் சேரும், எடுக்க முடியாது. நீளமான ஸ்பவுட்டுக்குச் சுவருக்குள் இருக்கும் பிடிமானமும் உறுதியாக இருக்க வேண்டும். ஸ்பவுட்டின் வாய் டப் விளிம்புக்கு இரண்டு அங்குலமாவது மேலே இருப்பது அவசியம், டப் தண்ணீர் குழாய்க்குள் திரும்பி ஏறாமல் இருக்க. ஹேண்ட் ஷவர் வைத்தால் அதைத் தண்ணீருக்குள் போட்டுவிடும் வழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு, ஆகவே அந்த இணைப்பில் திரும்பாத வால்வு ஒன்று கட்டாயம். டப் விளிம்பிலேயே துளை போட்டு மாட்டும் குழாய் மூன்றாவது வகை. அக்ரிலிக் விளிம்பு நெளியும், அடியில் கை நுழையாது. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

வெந்நீர்க் கணக்கையும் குழாய் வாங்கும்போதே போட்டுவிட வேண்டும். சென்னையில் தொட்டித் தண்ணீர் 28 டிகிரி, குளிக்க 40 டிகிரி, கீசரில் 60 டிகிரி என்றால், 150 லிட்டரில் 56 லிட்டர் வெந்நீராக இருக்க வேண்டும். வீட்டில் இருக்கும் 15 அல்லது 25 லிட்டர் கீசர் பாதிக்கே திணறும். 50 லிட்டர் கீசரை 65 டிகிரிக்கு வைத்தால் சரியாக வரும். ஊட்டியில் தண்ணீர் 14 டிகிரியில் வரும் நாளில் 85 லிட்டர் வெந்நீர் வேண்டும். தண்ணீரோடு சேர்த்து 50 லிட்டர் கீசர் எழுபது கிலோவைத் தாண்டும் என்பதால், நாலரை அங்குலச் சுவரில் மாட்டாமல் ஒன்பது அங்குலச் சுவரிலோ கான்கிரீட் தூணிலோ மாட்ட வேண்டும். மொட்டை மாடியில் சோலார் ஹீட்டர் இருக்கிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

எல்லாம் முடிந்ததும் டப்பின் அடியில் சிலிக்கான் பூசி ஒட்டத் துடிப்பார்கள். அதற்கு முன்னால் டப்பை ஓவர்ஃப்ளோ வரை நிரப்பி, ஒரு மணி நேரம் அப்படியே விட்டு, அடைப்பைத் திறந்து முழுசாக வடியவிடுங்கள். ஒருவர் ஷவர் ஜல்லடையைப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும், ஒருவர் வெளியே கழிவுக்குழாயின் மூட்டுகளைப் பார்க்கட்டும், ஒருவர் கீழ் அறையில் கூரையைப் பார்க்கட்டும். டப்பை இரண்டு பேர் தூக்கி நகர்த்தி, அடியில் வைத்த பழைய செய்தித்தாள் காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். காய்ந்திருந்தால் ஒட்டலாம். ஒட்டும்போதும் சுற்றிலும் முழுசாக மூடாமல், கழிவு வாய்க்குப் பக்கத்தில் ஒரு விரல் அகலம் விட்டுவைக்கச் சொல்லுங்கள். என்றைக்காவது அடியில் கசிந்தால் தண்ணீர் அந்த வழியாக வெளியே தெரியும்.